180 லிட்டர் எங்கே போனது?
ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு ஓர் அறிவியல் ஆசிரியையின் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

இரண்டாம் பருவத்தில் உங்கள் பிள்ளைகளுக்கு ஆறு வார ப்ராஜெக்ட் ஒன்று தொடங்குகிறது. ப்ராஜெக்ட் என்றதும் தெர்மாகோலும் சார்ட்டும் வாங்க ஸ்டேஷனரி கடைக்குக் கிளம்ப வேண்டாம். இதற்குத் தேவை ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி, நேரம் பார்க்க ஒரு கடிகாரம், அவ்வளவுதான்.

வழக்கமான ப்ராஜெக்ட்டில் பாடம் முடிந்த பிறகு ஒரு மாதிரி செய்து கொண்டுவருவார்கள். இங்கே பாடமே ப்ராஜெக்ட் வழியாகத்தான் நடக்கும். முதல் நாளே ஒரு கேள்வியைப் பலகையில் எழுதிவிடுவோம்: ‘எங்கள் வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது? அதில் எதைக் குறைக்கலாம்?’ இதற்கு விடை தேடிப் போகும்போது சராசரி தேவைப்படும், மில்லிலிட்டரை லிட்டராக மாற்றத் தேவைப்படும், வரைபடம் போடத் தேவைப்படும். எது எப்போது தேவையோ, அதை அப்போது சொல்லிக் கொடுப்போம். முதல் இரண்டு வாரம் அளப்பது. மூன்றாம் வாரம் கணக்கைச் சரிபார்ப்பது. நான்காம், ஐந்தாம் வாரங்களில் வீட்டில் ஏதாவது ஒன்றை மாற்றிப் பார்த்து மறுபடி அளப்பது. ஆறாம் வாரம் கண்டதை உங்கள் முன்னால் விளக்குவது.

அளப்பது எப்படி?

குழாயில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். வாளி எவ்வளவு கொள்ளும் என்பதை ஒரு லிட்டர் பாட்டிலால் ஊற்றி ஊற்றி எண்ணிக்கொள்ள வேண்டும். 15 லிட்டர் வாளி 90 விநாடியில் நிறைந்தால், நிமிடத்துக்கு 10 லிட்டர். அந்தக் குழாயைத் திறந்து விட்டபடி மூன்று நிமிடம் பல் துலக்கினால் 30 லிட்டர், அதாவது இரண்டு வாளி, சாக்கடைக்குப் போகிறது.

மாடித் தொட்டி நிறைந்திருக்கும்போது குழாயில் வேகம் கூடும், குறையக் குறைய வேகமும் குறையும். அதே வாளி மாலையில் நிறைய 120 விநாடி ஆகலாம். பிள்ளை இரண்டு எண்களோடு வந்து நின்றால் ‘ஒழுங்காகப் பார்’ என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டுமே சரி. எந்த நேரத்தில் அளந்தது என்று பக்கத்தில் எழுதச் சொன்னால் போதும்.

கணக்கு உதைக்கும் இடம்

மூன்றாம் வாரம்தான் முக்கியம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர், 500 லிட்டர் தொட்டி, தினம் ஒரு முறை நிரப்பினால் மறுநாள் காலைக்குள் காலியாகிறது. அப்படியானால் ஆளுக்கு 125 லிட்டர். ஆனால் குளியல், சமையல், பாத்திரம், துணி என்று பிள்ளை ஒவ்வொன்றாக அளந்து கூட்டினால் வருவது 320 லிட்டர்தான். மீதி 180 லிட்டர் எங்கே?

இந்த இடத்தில் பெரியவர்களுக்கு வாய் துறுதுறுக்கும். கழிவறை ஃப்ளஷ்ஷை மறந்துவிட்டாய் என்று சொல்லத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள். ‘தொட்டியிலிருந்து தண்ணீர் எங்கெங்கே போகிறது, வீட்டைச் சுற்றிப் பார்த்தாயா?’ என்று மட்டும் கேளுங்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகட்டும், அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்டுபிடித்த பிறகு உங்கள் கை தேவைப்படும். ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, ஒரு முறை ஃப்ளஷ் செய்து, காலியான டேங்கைப் பழைய மட்டம் வரை லிட்டர் பாட்டிலால் நிரப்பினால் அதன் அளவு தெரிந்துவிடும். 10 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர், ஆளுக்கு நான்கு முறை என்றால் 160 லிட்டர். மீதி 20. சொட்டும் குழாயின் கீழே பத்து நிமிடம் டம்ளரை வைத்து, சேர்ந்ததை மருந்து மூடியால் அளந்தால் 40 மில்லி இருக்கிறது. மணிக்கு 240 மில்லி, நாளுக்குக் கிட்டத்தட்ட 6 லிட்டர். எஞ்சிய 14 லிட்டர் மோட்டாரை நிறுத்த மறந்ததில் வழிந்ததாக இருக்கலாம், அளந்ததில் வந்த பிசகாகவும் இருக்கலாம். ‘இந்த 14 லிட்டருக்குக் கணக்குத் தெரியவில்லை’ என்று நோட்டில் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையாது. எல்லாம் துல்லியமாகப் பொருந்திப்போகும் நோட்டைத்தான் நான் இரண்டு முறை பார்ப்பேன்.

பதினான்கு நாள் கணக்கும் ஒரே பேனாவில், ஒரே எழுத்தில், எல்லா நாளும் ஒரே எண்ணாக இருந்தால் அது ஞாயிறு இரவு உட்கார்ந்து எழுதியது என்று புரிந்துவிடும். துணி துவைக்கும் நாளில் எண் எகிற வேண்டும், வெளியூர் போன நாளில் இறங்க வேண்டும். தப்பாகப் போட்ட எண்ணை அழிக்க வேண்டாம். ஒரு கோடு அடித்து மேலே சரியானதை எழுதட்டும்.

மாற்றிப் பார்ப்பது

நான்காம் வாரம் அவர்கள் ஏதாவது ஒரு யோசனையோடு வருவார்கள். உதாரணமாக, தண்ணீர் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை ஃப்ளஷ் டேங்குக்குள் மிதவையில் இடிக்காமல் நிறுத்தினால், ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். மேலே சொன்ன வீட்டில் நாளுக்கு 16 லிட்டர். செங்கல் மட்டும் வேண்டாம், அது கரைந்து வால்வை அடைக்கும். ஆனால் தண்ணீர் போதாமல் இரண்டு முறை ஃப்ளஷ் செய்ய நேர்ந்தால் மிச்சம் போய் நஷ்டம் வந்துவிடும். அதனால்தான் ஒரு வாரம் மறுபடி அளக்கச் சொல்கிறோம். யோசனை பலிக்கவில்லை என்று கண்டால் அதுவும் ஒரு முடிவுதான்.

குழாய் இணைப்பே இல்லாத வீடுகளும் நம் வகுப்பில் உண்டு. தெருக்குழாயிலோ லாரியிலோ பிடிப்பவர்கள் குடத்தை எண்ணினால் போதும். அவர்கள் கணக்குதான் பெரும்பாலும் மற்றவர்களுடையதைவிடத் துல்லியமாக இருக்கும். வகுப்பில் ஒட்டும் அட்டவணையில் பெயர் இருக்காது, ‘வீடு 1’, ‘வீடு 2’ என்றுதான் இருக்கும். ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களில் ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டரைக் குறைந்தபட்ச அளவாக வைத்திருக்கிறது. நகரங்களுக்கான அளவு 135 லிட்டர். இவ்விரண்டோடும்தான் ஒப்பிடுவோம், எந்த வீட்டையும் இன்னொரு வீட்டோடு அல்ல.

மதிப்பெண்

வளரறி மதிப்பீட்டுக்கான 40 மதிப்பெண்ணில்தான் இது சேரும். நோட்டுக்கும், ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் சொல்லும் பதிலுக்கும்தான் மதிப்பெண். அலங்காரத்துக்கு எதுவும் கிடையாது. வீட்டில் நீங்களும் இந்த ஒரு கேள்வியை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். தினம் பத்து நிமிடம் அளக்க நேரம் விடுங்கள். மோட்டார் போடும் நேரத்தையும் துணி துவைக்கும் நாளையும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். டேங்க், மோட்டார், மொட்டைமாடி இந்த மூன்றின் பக்கமும் தனியாகப் போக விடாதீர்கள்.

ஆறாம் வாரம் சனிக்கிழமை பள்ளிக்கு வாருங்கள். அன்று உங்கள் பிள்ளையின் மேசைக்கு முன்னால் நிற்க வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போய், கணக்கு எங்கே உதைத்தது என்று கேளுங்கள்.

அன்புடன்,
ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை