எம்1, எம்3: நாட்டில் உள்ள பணத்தை எப்படி எண்ணுகிறார்கள்?

2016 நவம்பர் 8 அன்று இரவு, 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் இனிச் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. அப்போது நாட்டில் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மதிப்பு ஏறக்குறைய 18 லட்சம் கோடி ரூபாய். இரண்டே மாதத்தில், 2017 ஜனவரியின் தொடக்கத்தில், அது சுமார் 9 லட்சம் கோடியாகச் சுருங்கியது. சந்தையில் காய்கறி விற்றவரும், தினக்கூலி வாங்கியவரும், கல்யாணம் வைத்திருந்த வீட்டாரும் பட்ட பாட்டை இப்போதும் யாரும் மறக்கவில்லை.

அதே ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட பண அளிப்புப் புள்ளிவிவரத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருந்தது. அதில் எம்1 என்ற எண் முந்தைய ஆண்டின் அளவுக்கும் கீழே விழுந்திருந்தது. பக்கத்திலேயே இருந்த எம்3 என்ற எண்ணோ முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாகவே இருந்தது. ஒரே நாடு, ஒரே வாரம். பணம் குறைந்ததா, கூடியதா?

இரண்டு எண்களும் சரியானவைதான். இரண்டும் பணம் என்று எதை எண்ணுகின்றன என்பதில்தான் வேறுபாடு.

கையில் இருப்பதும் கேட்டவுடன் கிடைப்பதும்

எம்1 என்பதைக் குறுகிய பணம் என்கிறார்கள். இப்போதே செலவழிக்கக்கூடிய பணம் மட்டும் இதில் வரும். முதலாவது, மக்கள் கையில் உள்ள நோட்டுகளும் நாணயங்களும். இரண்டாவது, வங்கியில் கேட்டவுடன் திருப்பித் தர வேண்டிய வைப்புகள். வியாபாரிகளின் நடப்புக் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். இவற்றோடு ரிசர்வ் வங்கியில் வேறு சில அமைப்புகள் வைத்திருக்கும் சிறிய தொகையும் சேரும்.

எம்3 என்பது பரந்த பணம். எம்1-இல் உள்ள எல்லாமும் இதில் உண்டு. அதற்கு மேல், குறிப்பிட்ட காலத்துக்கு என்று வங்கியில் போட்டுவைத்த பணமும் சேரும். ஃபிக்ஸட் டெபாசிட், மாதாமாதம் கட்டும் ரெக்கரிங் டெபாசிட் ஆகியவை இந்தக் கால வைப்பில் அடங்கும். முதிர்வுக்கு முன்பே வேண்டுமானால் வட்டியில் கொஞ்சம் இழந்து எடுக்கலாம். அதனால் அது பணத்துக்கு மிக நெருங்கிய சொத்து. ஆனால் அதைக் கொண்டு நேராகப் போய் மளிகைக் கடையில் பொருள் வாங்க முடியாது.

2024 மார்ச்சில் எம்3 ஏறக்குறைய 250 லட்சம் கோடி ரூபாய். மக்கள் கையில் இருந்த ரொக்கம் அதில் சுமார் ஏழில் ஒரு பங்குதான். நாட்டின் பணத்தில் மிகப் பெரும்பகுதி அச்சடித்த தாளாக இல்லை, வங்கிக் கணக்குப் புத்தகத்தில் பதிவாகவே இருக்கிறது.

வங்கியின் பெட்டகத்திலும் ஏடிஎம் இயந்திரத்திலும் இருக்கும் நோட்டுகள் இந்த இரண்டு எண்களிலும் சேராது. காரணம் எளிது. நீங்கள் 10,000 ரூபாயை வங்கியில் கட்டினால், உங்கள் கணக்கில் 10,000 என்று பதிவாகிறது, நோட்டுகள் பெட்டகத்துக்குள் போகின்றன. இரண்டையும் எண்ணினால் ஒரே பணம் இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். ஒரு வங்கி இன்னொரு வங்கியில் வைத்திருக்கும் வைப்பும் இதே காரணத்தால் சேர்க்கப்படுவதில்லை. அரசின் கணக்கில் இருக்கும் பணமும் சேராது, ஏனென்றால் இவை அளப்பது மக்களிடம் உள்ள பணத்தை.

சேமிப்புக் கணக்கு எந்தப் பக்கம்?

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது நடப்புக் கணக்கும் அல்ல, ஃபிக்ஸட் டெபாசிட்டும் அல்ல, சேமிப்புக் கணக்கு. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் அது முழுவதும் எம்1-இல் சேரும் என்றுதான் தோன்றும். இந்தியாவில் அப்படி இல்லை. சேமிப்புக் கணக்கு இரண்டாகப் பிரிக்கப்படுகிறது.

மாதம் 40,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சம்பளம் வந்ததும் கணக்கில் 55,000 இருக்கிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை என்று போய், மாதக் கடைசியில் 15,000-இல் நிற்கிறது. அடுத்த மாதமும் இதே கதை. 15,000-க்குக் கீழே அவர் கணக்கு இறங்குவதே இல்லை. அந்த 15,000 பெயருக்குத்தான் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பணம், உண்மையில் அது அங்கேயே தங்கிவிட்டது.

ரிசர்வ் வங்கியின் விதி இதைத்தான் பிடிக்கிறது. அரையாண்டில் ஒவ்வொரு மாதமும் இருந்த குறைந்தபட்ச இருப்பை எடுத்து அவற்றின் சராசரியைக் காண்கிறார்கள். அந்த அளவு கால வைப்பாகக் கருதப்படும், அதற்கு மேல் உள்ளது கேட்டவுடன் தர வேண்டிய வைப்பாகும். மார்ச் 31, செப்டம்பர் 30 ஆகிய நாட்களை வைத்து வங்கிகள் இந்த விகிதத்தைக் கணக்கிடுகின்றன. ஆகவே அவருடைய 15,000 எம்3-இல் மட்டுமே வரும். ஏறி இறங்கும் பகுதி எம்1-இலும் வரும். ஒரே பாஸ்புத்தகத்தில் உள்ள பணம் இரண்டு இடத்துக்குப் பிரிந்துபோகிறது.

50,000 ரூபாயைப் பின்தொடர்வோம்

இப்போது 2016-க்குத் திரும்பலாம். வீட்டில் 50,000 ரூபாய்க்குப் பழைய நோட்டு வைத்திருந்த ஒருவர் வங்கியில் வரிசையில் நின்று அதைக் கட்டுகிறார். மக்கள் கையில் உள்ள ரொக்கம் 50,000 குறைகிறது. வங்கி வைப்பு 50,000 கூடுகிறது. எம்3 இரண்டையும் எண்ணுவதால் அதில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை.

எம்1 என்ன ஆகும் என்பது அவர் எந்தக் கணக்கில் கட்டினார் என்பதைப் பொறுத்தது. நடப்புக் கணக்கு என்றால் எம்1-உம் மாறாது. ஃபிக்ஸட் டெபாசிட் என்றால் எம்1-இல் 50,000 அப்படியே குறையும். சேமிப்புக் கணக்கில் போட்டு எடுக்காமல் விட்டால், நாம் பார்த்த விதிப்படி அதில் பெரும்பகுதி நாளடைவில் கால வைப்பாக எண்ணப்படும், எம்1 அந்த அளவுக்கு இறங்கும்.

நாடு முழுவதும் நடந்தது இதுதான். செல்லாதவை என அறிவிக்கப்பட்ட நோட்டுகளின் மதிப்பு 15.41 லட்சம் கோடி ரூபாய். அதில் 15.31 லட்சம் கோடி வங்கிகளுக்குத் திரும்பி வந்துவிட்டது என்று ரிசர்வ் வங்கி பின்னர் தெரிவித்தது. நோட்டு வைப்பாக மாறியது, பணம் அழியவில்லை. அதனால்தான் எம்1 விழுந்தும் எம்3 தாக்குப்பிடித்தது.

ஆனால் எம்3 அசையவில்லை என்பதை வைத்து மக்களுக்குச் சிரமமே இல்லை என்று சொன்னால் அது பெரிய தவறு. அந்த நாட்களில் ஏடிஎம்மில் ஒரு கார்டுக்கு ஒரு நாளைக்கு முதலில் 2,000 ரூபாய்தான் எடுக்க முடிந்தது. வங்கிக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 20,000, பிறகு 24,000 என்று வரம்பு இருந்தது. கணக்கில் இருந்தது பணம்தான், எடுக்கத்தான் முடியவில்லை. இந்த அளவுகோல்கள் ஒப்பந்தத்தைப் பார்க்கின்றன, வாசலில் நிற்கும் வரிசையைப் பார்ப்பதில்லை. கேட்டவுடன் தர வேண்டும் என்று விதி இருந்தால், தர முடியாத வாரத்திலும் அது எம்1-தான். இந்தக் குறையை நினைவில் வைக்காமல் இந்த எண்களைப் படிக்கக் கூடாது.

எதிலும் சேராத சொத்துகள்

தங்கம், நிலம், பங்குகள், மியூச்சுவல் ஃபண்ட், எல்ஐசி பாலிசி எதுவும் எம்3-இல் வராது. அவை சொத்துகள், விற்றால்தான் பணமாகும். அப்படியானால், வங்கி வைப்பை உடைத்து எல்லாரும் மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் எம்3 குறையுமா? பொதுவாகக் குறையாது. நீங்கள் கொடுத்த பணத்தில் ஃபண்ட் பங்கு வாங்குகிறது, பங்கை விற்றவரின் வங்கிக் கணக்கில் அதே தொகை ஏறுகிறது. வைப்பின் உரிமையாளர் மாறுகிறார், மொத்த வைப்பு மாறுவதில்லை. எம்3-ஐ உண்மையில் கூட்டுவது வங்கி தரும் புதிய கடன். கடன் வாங்கியவர் கணக்கில் தொகை எழுதப்படும்போது புதிய வைப்பு பிறக்கிறது, கடனைத் திருப்பிக் கட்டும்போது அது மறைகிறது.

அஞ்சலகச் சேமிப்பு வேறொரு கதை. அது வங்கி வைப்பு அல்ல, அரசிடம் போகும் பணம். அதனால் எம்1-இலும் எம்3-இலும் அதற்கு இடமில்லை. 1977-இல் இந்த அளவுகோல்களை வகுத்தபோது இதற்காகவே எம்2, எம்4 என்று இரண்டு எண்கள் வைக்கப்பட்டன. எம்1-உடன் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைச் சேர்த்தால் எம்2. எம்3-உடன், தேசிய சேமிப்புப் பத்திரம் நீங்கலாக, அஞ்சலக வைப்புகள் அனைத்தையும் சேர்த்தால் எம்4. வங்கிக் கிளையில் தொடங்கிய பிபிஎஃப் கணக்குகூட அரசின் சேமிப்புத் திட்டம்தான், வங்கியின் வைப்பு அல்ல.

எல்லைக்கோடு நகர்ந்தாலும் எண் மாறும். 2023 ஜூலை 1-இல் வீட்டுக்கடன் நிறுவனமான எச்டிஎஃப்சி, எச்டிஎஃப்சி வங்கியுடன் இணைந்தது. அந்த நிறுவனத்தில் மக்கள் போட்டிருந்த வைப்புகள் அதுவரை வங்கி வைப்புகள் அல்ல, இணைந்த நாளில் வங்கி வைப்புகளாகிவிட்டன. வைப்புதாரர் எதுவும் செய்யவில்லை, அவர் பணம் எம்3-க்குள் வந்துவிட்டது. அதன் பிறகு இந்த இணைப்பின் தாக்கம் அடங்கியுள்ளது என்று ரிசர்வ் வங்கி தன் அட்டவணைகளில் குறிப்புப் போடத் தொடங்கியது.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய தாவல் நடந்தது. அங்கு சேமிப்புக் கணக்கிலிருந்து மாதத்துக்கு ஆறு பரிமாற்றம்தான் என்ற வரம்பை 2020 ஏப்ரலில் நீக்கினார்கள். எனவே மே மாதம் முதல் சேமிப்பு வைப்புகளையும் எம்1-இல் சேர்த்து எண்ணினார்கள். ஒரே மாதத்தில் எம்1 மும்மடங்குக்கு மேல் உயர்ந்தது. அமெரிக்காவில் மூன்று மடங்கு பணம் அச்சடித்துவிட்டார்கள் என்று அந்த வரைபடத்தைக் காட்டிப் பேசியவர்கள் பலர். அங்கே சேமிப்பு வைப்புகளை முன்பிருந்தே எண்ணிவந்த எம்2, இந்த மாற்றத்தால் துளியும் அசையவில்லை.

ரிசர்வ் வங்கி இரு வாரங்களுக்கு ஒருமுறை இந்த எண்களை வெளியிடுகிறது. பண அளிப்பு கூடியது, குறைந்தது என்று செய்தி வரும்போது, அது எம்1-ஆ எம்3-ஆ என்று முதலில் பாருங்கள். எம்1 மட்டும் மாறியிருந்தால் மக்கள் பணத்தை வைத்திருக்கும் இடம் மாறியிருக்கிறது என்றே பெரும்பாலும் பொருள். எம்3-உம் சேர்ந்து மாறியிருந்தால் வங்கிக் கடனைப் பாருங்கள். இரண்டுக்கும் காரணம் தெரியாமல் ஓர் எண் திடீரென்று தாவினால், அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் யார் சொல்வதையும் நம்பாதீர்கள்.