ஸ்கேன் எடுக்குமுன் ஜெல் தடவுவது ஏன்?

ஒரு பொருளின் அடர்த்தியை அதில் ஒலி செல்லும் வேகத்தால் பெருக்கக் கிடைக்கும் அளவு, அப்பொருளின் ஒலி மறுப்பு (Z) எனப்படும். ஒலி மறுப்பு வேறுபட்ட இரு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் ஒலியின் ஒரு பகுதி திரும்பிவிட, எஞ்சியதே அப்பால் செல்கிறது. செங்குத்தாக விழும் ஒலியின் செறிவில் ஊடுருவும் பின்னத்தைக் கீழ்வரும் சமன்பாடு தருகிறது.

T = 4Z₁Z₂ / (Z₁ + Z₂)²

காற்றின் ஒலி மறுப்பு ஏறத்தாழ 400 ரேல். உடலின் மென்திசுவுக்கோ அது சுமார் 16 லட்சம் ரேல். இவ்விரண்டையும் சமன்பாட்டில் இட்டால் T = 0.001 எனக் கிடைப்பதால், ஸ்கேன் புரோபுக்கும் தோலுக்கும் இடையே காற்று இருப்பின், தோலை அடையும் மீயொலியில் ஆயிரத்தில் ஒரு பங்கே உடலுக்குள் நுழையும். உள்ளிருந்து வரும் எதிரொலியும் அதே எல்லையைக் கடக்க வேண்டியிருப்பதால், அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கே வெளியேற, படம் உருவாக வழியில்லை.

பெரும்பகுதி நீராலான ஜெல்லின் ஒலி மறுப்பு சுமார் 15 லட்சம் ரேல் ஆகையால், ஜெல்லிலிருந்து திசுவுக்குள் 99.9 விழுக்காடு செல்கிறது. நீரே போதுமே எனத் தோன்றலாம். ஆனால் நீர் வழிந்தோடிவிடும், குழைவான ஜெல்லோ தோலின் நுண்பள்ளங்களையும் மயிர்க்கால்களையும் நிரப்பி, காற்றை வெளியேற்றித் தங்கிநிற்கும். ஜெல் படியாத இடத்திற்கு நேர் கீழே திரையில் கருநிழல் விழுவதைக் கொண்டே பரிசோதகர் அதை அறிந்துகொள்கிறார்.

எனினும் நுரையீரலிலும் குடலிலும் உள்ள காற்றை ஜெல்லால் அகற்ற இயலாது. அவற்றின் பின்னுள்ள உறுப்புகள் மீயொலிக்குப் பெரும்பாலும் புலப்படுவதில்லை.