வியூஸ் விழுந்தால் முதலில் எங்கே பார்ப்பது?

2025 ஆகஸ்ட் மாத நடுவில் பல நாட்டு யூடியூபர்கள் ஒரே புகாரைச் சொல்லத் தொடங்கினார்கள். வியூஸ் திடீரென்று இறங்கிவிட்டது. கணினி, வீடியோ கேம் பற்றிப் பேசும் சேனல்களுக்கு அடி பலமாக விழுந்தது. அல்காரிதத்தை மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சு உடனே கிளம்பியது. ஆனால் சிலர் பதறாமல் எண்களைப் பிரித்துப் பார்த்தார்கள். லைக் குறையவில்லை. விளம்பர வருமானமும் குறையவில்லை. மொபைலிலும் டிவியிலும் பார்க்கிறவர்கள் ஏறக்குறைய அப்படியே இருந்தார்கள். கணினித் திரையில் பதிவான வியூஸ் மட்டும் சரிந்திருந்தது. விளம்பரத் தடுப்பான் போன்ற கருவிகளைப் பயன்படுத்துகிறவர்களால் வியூ கணக்கின் துல்லியம் பாதிக்கப்படலாம் என்று செப்டம்பரில் யூடியூப் விளக்கம் கொடுத்தது. ஆக, பார்வையாளர்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்களில் ஒரு பகுதியினர் கணக்கில் ஏறாமல் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் பயந்துபோய்த் தலைப்பையும் தம்ப்நெயிலையும் மாற்றியவர்கள், எதுவும் கெடாத இடத்தில் கைவைத்தார்கள்.

அதனால்தான் காரணம் தெரியும்வரை எதையும் மாற்றக் கூடாது என்கிறேன். வியூஸ் விழுந்ததும் பலரும் மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். இந்த விஷயம் மக்களுக்குச் சலித்துவிட்டது, அல்காரிதம் கைவிட்டுவிட்டது, தம்ப்நெயில் சரியில்லை. மூன்றுமே நடக்கக்கூடியவைதான். ஆனால் ஒவ்வொன்றும் யூடியூப் ஸ்டுடியோவில் வேறு வேறு தடயத்தை விட்டுச்செல்லும். அதைப் படிக்கப் பொறியியல் படிப்பு தேவையில்லை. பொறுமையும் ஒரு நோட்டும் போதும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு போவோம். மாடித்தோட்டம் பற்றி வாரம் ஒரு வீடியோ போடும் தமிழ்ச் சேனல் ஒன்று. எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒவ்வொரு வீடியோவும் முதல் 7 நாளில் சுமார் 20,000 வியூஸ் வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது 10,500-தான் வருகிறது. சேனலை நடத்துகிறவர் அல்காரிதம்தான் காரணம் என்று நம்புகிறார்.

முதலில் அந்தச் சரிவு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அட்வான்ஸ்டு மோடில் போய்க் கடைசி 28 நாளை அதற்கு முந்தைய 28 நாளோடு ஒப்பிட்டால், எந்த வீடியோ எவ்வளவு இழந்தது என்று வரிசையாகத் தெரியும். பல சேனல்களில் விடை இங்கேயே கிடைத்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன் போட்ட ஒரே ஒரு வீடியோ மொத்த வியூஸில் பாதியைச் சுமந்துகொண்டிருந்து, இப்போது ஓய்ந்திருக்கும். அல்லது வைரலான ஒரு ஷார்ட்ஸ் அடங்கியிருக்கும். நீள வீடியோக்களின் நிலை துளியும் மாறியிருக்காது. அப்படியானால் வீழ்ச்சி என்று எதுவும் இல்லை. செயற்கையாக உயர்ந்திருந்த அளவு பழைய இடத்துக்குத் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். ஷார்ட்ஸ் எண்களைப் பழைய காலத்தோடு ஒப்பிடும்போது இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ என்று கணக்கிடுகிறார்கள். அதற்கு முந்தைய எண்ணோடு அதை நேருக்கு நேர் வைத்தால் தவறான முடிவுக்குத்தான் போவோம்.

பருவத்தையும் மறக்கக் கூடாது. ஆடிப்பட்டத்துக்கு விதை வாங்கும் மாதங்களில் தோட்ட வீடியோ ஏறும், கோடை உச்சத்தில் இறங்கும். எனவே போன மாதத்தோடு மட்டுமல்லாமல், போன வருடம் இதே மாதத்தோடும் ஒப்பிட வேண்டும். கூகுள் ட்ரெண்ட்ஸ் தளத்தில் தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்து, வெப் தேடலுக்குப் பதில் யூடியூப் தேடல் என்று மாற்றி, ஐந்து வருட வரைபடத்தைப் பார்த்தால் அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும். அங்கேயே கோடு இறங்கியிருந்தால், குறைந்தது ஊருக்கு அந்த விஷயத்தின் மேல் இருந்த தேவை. அதற்கு உங்கள் சேனல் பொறுப்பில்லை.

நம் தோட்டச் சேனலில் பழைய வீடியோக்கள் நிலையாக ஓடுகின்றன. தேடல் கோடும் இறங்கவில்லை. புதிய வீடியோக்கள்தான் விழுகின்றன. அடுத்து, வியூஸ் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கிறோம். யூடியூபின் முகப்புப் பக்கத்திலிருந்து வருவதை ஸ்டுடியோ பெரும்பாலும் பிரவுஸ் ஃபீச்சர்ஸ் என்ற தலைப்பில் காட்டும். வேறு வீடியோவுக்குப் பக்கத்தில் பரிந்துரையாக வருவது, தேடலில் வருவது, நோட்டிஃபிகேஷனில் வருவது எல்லாம் தனித்தனி. யூடியூப் பக்கம் மாற்றம் நடந்திருந்தால், ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒரே ஒரு வழியோ ஒரே வகைச் சாதனமோ செங்குத்தாக விழுந்திருக்கும். அது ஒரு தலைப்பை மட்டும் தொடாது. பழையது, புதியது என்ற வித்தியாசமும் பார்க்காது. ஆகஸ்ட் 2025 சரிவு அந்த மாதிரிதான். நம் சேனலில் அப்படி எந்தத் தேதியும் இல்லை. சரிவு ஐந்தாறு வீடியோக்களில் படிப்படியாக வந்திருக்கிறது.

இப்போது இரண்டு எண்கள். வீடியோவின் தம்ப்நெயில் எத்தனை முறை மக்கள் கண்ணில் பட்டது என்பது இம்ப்ரெஷன்ஸ். தம்ப்நெயிலில் பாதியாவது, ஒரு நொடிக்கு மேல் திரையில் தெரிந்தால்தான் அது ஓர் இம்ப்ரெஷன். அப்படிப் பட்டதில் நூற்றுக்கு எத்தனை முறை தொட்டுத் திறந்தார்கள் என்பது சிடிஆர். யூடியூபே சொல்லும் கணக்குப்படி பாதிக்குப் பாதி சேனல்களுக்கு இது 2 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும். முன்பு நம் வீடியோ முகப்பில் 3 லட்சம் முறை காட்டப்பட்டு 5 சதவீதம் பேர் திறந்தார்கள். 15,000 வியூஸ். மீதி 5,000 தேடல் போன்ற மற்ற வழிகளில் வந்தது. இப்போது முகப்பில் ஒன்றரை லட்சம் முறைதான் காட்டப்படுகிறது, திறப்பவர்கள் 4 சதவீதம். 6,000 வியூஸ். மற்ற வழிகளில் 4,500. தேடி வருகிறவர்கள் பெரிதாகக் குறையவில்லை. முகப்பில் பார்க்கிறவர்கள்தான் கைவிட்டிருக்கிறார்கள்.

சிடிஆரைத் தனியாக எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. ஒரு வீடியோ நன்றாக ஓடி, உங்களைத் தெரியாத லட்சம் பேர் முன்னால் போய் நின்றால் சிடிஆர் இறங்கத்தான் செய்யும். இம்ப்ரெஷன்ஸ் ஏறிச் சிடிஆர் இறங்கினால் அது வளர்ச்சியின் அடையாளம். இரண்டும் சேர்ந்து இறங்கும்போதுதான் கவலைப்பட வேண்டும். முதலில் காட்டப்பட்டவர்களே தொடவில்லை, அதனால் மேற்கொண்டு காட்டப்படவில்லை என்பது அதன் பொருள். ஒப்பிடும்போதும் ஒரே வழியை, ஒரே வயதை எடுக்க வேண்டும். ஒரு வீடியோவின் முதல் 7 நாள் முகப்புச் சிடிஆரை இன்னொன்றின் ஆறு மாத மொத்தச் சிடிஆரோடு வைப்பதில் அர்த்தமில்லை.

உள்ளே வந்தவர்கள் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள்? நம் சேனலில் முதல் 30 நொடியைத் தாண்டுகிறவர்களின் விகிதம் மாறவில்லை, சராசரியாகப் பார்க்கும் நேரமும் அப்படியே. ஆக, வீடியோ கெட்டுப்போகவில்லை. வாசலில்தான் பிரச்சினை. ஆடியன்ஸ் பகுதியில் புதிதாக வருகிறவர்கள் எண்ணிக்கை நிற்கிறது, வழக்கமாகத் திரும்பி வருகிறவர்கள் கோடு மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே வருகிறது. தலைப்புச் சலிப்பு என்றால் இதுதான். ஊருக்கே தக்காளிச் செடி சலித்துவிடவில்லை. புதிதாகத் தொட்டி வாங்கியவர் இன்னும் பூ உதிர்வதற்குக் காரணம் தேடிக்கொண்டுதான் இருக்கிறார். சலித்தது உங்களோடு மூன்று வருடமாக இருக்கிறவருக்கு. அவருக்கு அந்த விடை எப்போதோ தெரிந்துவிட்டது.

ஆனால் இதே தடயத்தைத் தம்ப்நெயிலும் உண்டாக்கக் கூடும். இந்தச் சேனலின் கடைசிப் பத்துத் தம்ப்நெயில்களைப் பக்கம் பக்கமாக வைத்தால், எல்லாவற்றிலும் அதே மஞ்சள் எழுத்து, அதே சிவப்பு அம்புக்குறி, வாடிய ஓர் இலை. வழக்கமாக வருகிறவர் இதை ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று நினைத்துத் தள்ளிவிட வாய்ப்பு அதிகம். சலிப்பா, பொட்டலமா என்பதை எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்து பிரிக்க முடியாது. சோதித்துத்தான் பிரிக்க வேண்டும்.

அதற்கு, மக்கள் கடைசிவரை பார்க்கிற, ஆனால் குறைவாகத் திறக்கிற மூன்று வீடியோக்களை எடுக்கலாம். தலைப்பைத் தொடாமல் தம்ப்நெயிலை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கணினியில் ஸ்டுடியோவைத் திறந்தால், தகுதி பெற்ற சேனல்களுக்கு, மூன்று தம்ப்நெயில்கள்வரை ஒரே வீடியோவில் போட்டு ஒப்பிடும் வசதி இருக்கிறது. ஷார்ட்ஸுக்கு அது கிடையாது. அது வெற்றியை முடிவு செய்வது கிளிக்கை வைத்து அல்ல, எந்தத் தம்ப்நெயில் அதிகப் பார்வை நேரத்தைக் கொண்டுவந்தது என்பதை வைத்து. முடிவு வர இரண்டு வாரம்வரை ஆகலாம். சிறிய சேனலில் மூன்றும் சமம் என்றே முடியலாம். அதுவும் ஒரு தகவல்தான். தம்ப்நெயிலை மாற்றிச் சிடிஆர் ஏறி, பார்க்கும் நேரம் குறைந்தால், வெளியே சொன்னதை உள்ளே தரவில்லை என்று அர்த்தம். அந்தத் தம்ப்நெயிலை எடுத்துவிட வேண்டும்.

நம் உதாரணத்தில் புதுத் தம்ப்நெயில்கள் சிடிஆரை 4-லிருந்து 4.3-க்குத்தான் கொண்டுபோகின்றன என்று வைத்துக்கொள்வோம். பொட்டலம் காரணத்தில் ஒரு துண்டு மட்டுமே. பெரிய காரணம் சலிப்பு. இங்கே பலர் சமையலுக்கோ சினிமா விமர்சனத்துக்கோ தாவிவிடுவார்கள். அது பழைய பார்வையாளரையும் இழக்கவைக்கும். அதே ஆள், அவருடைய அடுத்த கேள்வி. மூன்று வருடம் மாடியில் செடி வளர்த்தவரை இப்போது உறுத்துவது என்ன? தளத்தில் ஈரம் இறங்குகிறதா, தொட்டிகளின் எடையைக் கூரை தாங்குமா, ஒரு வாரம் ஊருக்குப் போனால் சொட்டுநீர்க் குழாய் தானாக ஓடுமா? கமென்ட்களில் இந்தக் கேள்விகள் ஏற்கெனவே கிடக்கும். அதில் நான்கு வீடியோ எடுத்து, நடுவே பழைய பாணியில் இரண்டையும் போட்டு, ஆறின் முதல் 7 நாள் எண்களையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு வீடியோ ஓடியதையோ ஓடாததையோ வைத்து முடிவெடுக்க முடியாது. திரும்பி வருகிறவர்கள் கோடு நிமிர்ந்தால் நோயறிதல் சரி. நிமிராவிட்டால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

இதற்கிடையே இரண்டு காரியங்களைச் செய்யாதீர்கள். ஓடாத வீடியோக்களை அழிக்காதீர்கள். தேடி வருகிற பாதைகள் அவற்றோடு போய்விடும். சேனல் செத்துவிட்டது என்று புதுச் சேனலும் தொடங்காதீர்கள். யூடியூபின் பரிந்துரைப் பிரிவைச் சேர்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, ஓடாத ஒரு வீடியோவுக்காகச் சேனலைத் தண்டிப்பதில்லை என்பதுதான். அல்காரிதம் என்று சொல்ல வாயெடுக்கும் இடத்தில் பார்வையாளர்கள் என்று சொல்லிப் பாருங்கள் என்பதும் அவர்கள் ஆலோசனை. முகப்பில் உங்கள் வீடியோவைத் தாண்டிப் போனவர் யார், ஏன் போனார் என்று கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு கேமராவை எடுங்கள்.