அலுவலக விடுமுறை, வேலைநேர மாற்ற அறிவிப்பு

அலுவலகம் ஒன்று குறிப்பிட்ட நாளில் இயங்காது என்பதையோ, அதன் வேலைநேரம் மாறுகிறது என்பதையோ வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் சிறு எழுத்து வடிவமே விடுமுறை அறிவிப்பு அல்லது வேலைநேர மாற்ற அறிவிப்பு ஆகும். இது வாயிற்கதவில் ஒட்டப்படும் தாளாகவோ, குறுஞ்செய்தியாகவோ, கடிதமாகவோ இருக்கலாம். வடிவம் எதுவானாலும் அதைப் படிப்பவருக்கு மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்க வேண்டும்: எந்த நாள்களில் வேலை நடக்காது? மீண்டும் எப்போது நடக்கும்? அதுவரை என் வேலை என்ன ஆகும்? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலான அறிவிப்புகளில் விடை இருப்பதில்லை. இக்கட்டுரை தமிழ்நாட்டின் வங்கிக் கிளை ஒன்றின் பொங்கல் விடுமுறை அறிவிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வங்கி விடுமுறை என்பது எது?

வங்கிக் கிளை தன் விருப்பப்படி விடுமுறை விட முடியாது. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்கீழ் ஞாயிற்றுக்கிழமைகளும், அரசிதழில் அறிவிக்கப்படும் பிற நாள்களும் பொது விடுமுறை ஆகும். எனவே விடுமுறை நாள்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உழவர் திருநாளன்று சென்னையில் மூடியிருக்கும் வங்கி மும்பையில் திறந்திருக்கும். இவை தவிர, 2015 செப்டம்பர் 1 முதல் மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும் வங்கிகளுக்கு விடுமுறை. மற்ற சனிக்கிழமைகள் முழு வேலைநாள்கள்.

இந்தச் சனிக்கிழமைக் கணக்கு பலருக்கு நினைவில் நிற்பதில்லை. பண்டிகை நாளும் சனி, ஞாயிறும் அடுத்தடுத்து வரும்போது எத்தனை நாள் கிளை மூடியிருக்கும் என்பதை வாடிக்கையாளர் தாமே கணக்கிட வேண்டியதாகிறது. அந்தக் கணக்கை அவருக்காகச் செய்து கொடுப்பதே அறிவிப்பின் முதல் வேலை.

குழப்பம் தரும் ஓர் அறிவிப்பு

2026 சனவரியில் பொங்கல் 15ஆம் தேதி வியாழக்கிழமை வந்தது. அடுத்த நாள் திருவள்ளுவர் நாள், அதற்கடுத்த 17ஆம் தேதி சனிக்கிழமை உழவர் திருநாள், 18ஆம் தேதி ஞாயிறு. ஆக, நான்கு நாள்கள் தொடர்ந்து விடுமுறை. இதற்கு ஒரு கிளையின் கதவில் கீழ்க்காணுமாறு எழுதி ஒட்டியிருப்பதாகக் கொள்வோம்:

"பொங்கல் பண்டிகையை முன்னிட்டு நாளை முதல் ஞாயிறு வரை வங்கி விடுமுறை. வாடிக்கையாளர்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். – நிர்வாகம்"

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு இது உதவாது. முதலாவதாக, "நாளை" என்ற சொல் ஒட்டிய நாளில் மட்டுமே உண்மை. 15ஆம் தேதி கதவருகே வந்து நிற்பவருக்கு அது 16ஆம் தேதியைக் குறிப்பதாகத் தோன்றும். இன்று ஏன் மூடியிருக்கிறது என்று அவர் விழிப்பார். இரண்டாவதாக, "ஞாயிறு வரை" என்பதில் ஞாயிறு அடங்குமா என்பது தெளிவில்லை. வார விடுமுறை என்பதால் ஞாயிறு அடங்கும் என்று ஊகிக்கலாம். "வெள்ளி வரை" என்றிருந்தால் ஊகிக்க முடியாது. மூன்றாவதாக, மீண்டும் திறக்கும் நாள் சொல்லப்படவில்லை. நான்காவதாக, ஒத்துழைப்பு என்றால் வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும் என்பது சொல்லப்படவில்லை. அறிவிப்பின் தேதியும் இல்லாததால், சென்ற ஆண்டு ஒட்டிய தாளோ என்ற ஐயமும் எழலாம்.

விடுமுறையிலும் நிற்காத வேலைகள்

அறிவிப்பில் என்ன சேர்க்க வேண்டும் என்பதை அறிய, மூடிய கதவுக்குப் பின்னால் எவை நிற்கின்றன, எவை நிற்பதில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

கிளையில் நேரில் செய்ய வேண்டிய வேலைகள் முழுவதும் நின்றுவிடும். இவற்றுள் பொங்கல் காலத்தில் முக்கியமானவை பாதுகாப்புப் பெட்டகமும் நகைக்கடனும் ஆகும். பண்டிகைக்கும் தை மாதத் திருமணத்துக்கும் அணிய வேண்டிய நகைகள் பெட்டகத்தில் இருந்தால், 14ஆம் தேதி மாலைக்குள் எடுத்தாக வேண்டும். அதைத் தவறவிட்டால் 19ஆம் தேதி வரை எடுக்க வழியே இல்லை. அடகு வைத்த நகையை மீட்பதும் இப்படியே.

மாறாக, தானியங்கிப் பரிவர்த்தனைகள் நிற்பதில்லை. நெஃப்ட் முறை 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்.டி.ஜி.எஸ். முறை 2020 டிசம்பர் 14 முதலும் எல்லா நாள்களிலும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் போன்றவற்றைக் கணக்கிலிருந்து தாமாகப் பிடித்துக்கொள்ளும் நாச் முறையும் 2021 ஆகஸ்ட் 1 முதல் விடுமுறை நாள்களிலும் இயங்குகிறது. அதற்கு முன்பு, தவணை நாள் விடுமுறையில் வந்தால் அடுத்த வேலைநாளில்தான் பணம் பிடிக்கப்படும். பழைய வாடிக்கையாளர்கள் பலர் இன்றும் அப்படியே எண்ணியிருக்கிறார்கள்.

இதனால் நேரும் இழப்பை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவருடைய வண்டிக் கடன் தவணை 6,500 ரூபாய். மாதந்தோறும் 15ஆம் தேதி பிடிக்கப்படும். கணக்கில் 2,000 ரூபாய் இருக்கிறது. "வங்கிதான் விடுமுறையாயிற்றே, திங்கட்கிழமை கட்டிக்கொள்வோம்" என்று கையிலுள்ள 5,000 ரூபாயை அவர் வீட்டிலேயே வைத்திருக்கிறார். 15ஆம் தேதி தவணைக் கோரிக்கை வரும்போது பணம் போதாமல் அது திரும்பிவிடும். அதற்காகத் தண்டக் கட்டணம் பிடிக்கப்படலாம். கடன் வரலாற்றிலும் தவணை தவறியதாகப் பதிவாகலாம். அந்த 5,000 ரூபாயை 14ஆம் தேதியே செலுத்தியிருந்தால் இருப்பு 7,000 ரூபாய் ஆகி, தவணை போக 500 ரூபாய் மீதமிருந்திருக்கும். "வங்கி விடுமுறை" என்று மட்டும் சொல்லும் அறிவிப்பு அவருடைய தவறான எண்ணத்தை உறுதிப்படுத்தவே செய்கிறது. ஒரே ஒரு வரி சேர்த்திருந்தால் அவர் தப்பியிருப்பார்.

வைப்புத்தொகை முதிரும் நாள் விடுமுறையில் வந்தால் அஞ்ச வேண்டியதில்லை. பணம் அடுத்த வேலைநாளில் வழங்கப்படும். இடைப்பட்ட விடுமுறை நாள்களுக்கும் ஒப்புக்கொண்ட வீதத்திலேயே வட்டி உண்டு. இதையும் ஒரு வரியில் சொன்னால் முதியவர்களின் கவலை குறையும்.

திருத்திய அறிவிப்பு

மேற்கண்டவற்றைச் சேர்த்து எழுதினால் அறிவிப்பு இவ்வாறு அமையும்:

பொங்கல் விடுமுறை அறிவிப்பு
நாள்: 07.01.2026

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பொங்கல் திருநாளை முன்னிட்டு 15.01.2026 வியாழன், 16.01.2026 வெள்ளி, 17.01.2026 சனி, 18.01.2026 ஞாயிறு ஆகிய நான்கு நாள்களும் எங்கள் கிளை இயங்காது.

19.01.2026 திங்கட்கிழமை காலை 10 மணிக்குக் கிளை மீண்டும் திறக்கப்படும்.

பெட்டகத்திலுள்ள பொருள்களை எடுப்பதற்கும் அடகு நகைகளை மீட்பதற்கும் 14.01.2026 புதன்கிழமை மாலை 4 மணிக்குள் வருமாறு வேண்டுகிறோம்.

கடன் தவணைகள் விடுமுறை நாள்களிலும் கணக்கிலிருந்து பிடிக்கப்படும். இந்த நான்கு நாள்களில் தவணை உள்ளவர்கள் 14ஆம் தேதிக்குள் போதிய பணத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாள்களில் முதிரும் வைப்புத்தொகைகள் 19ஆம் தேதி, இடைப்பட்ட நாள்களின் வட்டியுடன் வழங்கப்படும்.

அனைவருக்கும் பொங்கல் நல்வாழ்த்துகள்.

கிளை மேலாளர்

இதில் நான்கு தேதிகளும் கிழமையோடு தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. தேதியும் கிழமையும் சேர்ந்து வரும்போது ஒன்றில் பிழை நேர்ந்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். அறிவிப்பு ஒரு வாரத்துக்கு முன்பே ஒட்டப்படுவதால், வாரத்துக்கு ஒருமுறை வருபவரும் அதைப் பார்த்துவிடுவார். விடுமுறை முடிந்ததும் 19ஆம் தேதி காலையில் தாளைக் கிழித்துவிட வேண்டும். பழைய தாள்கள் கதவில் தொங்கினால் புதிய தாளை யாரும் படிப்பதில்லை.

வேலைநேரம் மாறும்போது

நேர மாற்ற அறிவிப்பில் பழைய நேரம், புதிய நேரம், மாற்றம் தொடங்கும் நாள், முடியும் நாள் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். "தற்காலிகமாக" என்று மட்டும் எழுதினால் அது எத்தனை நாள் என்று தெரியாது. முடிவு நாள் உறுதியாகவில்லையெனில் "மறு அறிவிப்பு வரும் வரை" என்று எழுதலாம்.

அலுவலகம் திறந்திருக்கும் நேரமும் பணம் வாங்கும் நேரமும் ஒன்றல்ல. கிளை மாலை 5 மணி வரை திறந்திருந்தாலும் பணம் செலுத்துவது 3.30 மணியோடு முடியலாம். "வேலைநேரம் 10 முதல் 5 வரை" என்பதைப் படித்துவிட்டு 4 மணிக்குப் பணத்தோடு வருபவர் திரும்பிப் போக நேரும். ஆகவே, "பணம் செலுத்துதல், பெறுதல்: காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை, பிற சேவைகள்: மாலை 5 வரை" என்று பிரித்து எழுத வேண்டும். "12 மணி" என்று வெறுமனே எழுதாமல் "நண்பகல் 12 மணி" என்று எழுதுவது நல்லது.

மரியாதை மொழி

"கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்பது அரசாணை நடை. கேட்பவர் யார் என்பது அதில் மறைந்துவிடுகிறது. "வேண்டுகிறோம்" என்பது குறுகியது, பணிவும் உடையது. பண்டிகை விடுமுறைக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. வாழ்த்துச் சொன்னால் போதும். ஆனால் கணினிப் பழுது, கட்டட வேலை போன்ற காரணங்களால் திடீரென மூட நேர்ந்தால் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அப்போதும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற பொது வரியோடு நிறுத்தாமல், "காலையில் வந்து திரும்ப நேர்ந்தவர்களிடம் வருந்துகிறோம், பிற்பகல் 2 மணிக்குச் சேவை தொடங்கும்" என்று எழுதினால், அலைந்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். அறிவிப்பைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, "எப்போது திறப்பார்கள்? அதற்குள் நீங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்க வேண்டும். அவர் நாள்காட்டியைப் பார்க்காமலும் வேறு யாரையும் கேட்காமலும் விடை சொன்னால் அறிவிப்பை ஒட்டிவிடலாம்.