பிரேக் போட்டதும் நம்மைத் தள்ளியது யார்?

டவுன் பஸ்ஸில் நின்றபடி போகிறோம். சந்திலிருந்து ஆட்டோ ஒன்று குறுக்கே வர, டிரைவர் பிரேக்கை அழுத்துகிறார். கம்பியைப் பிடிக்காதவர்கள் முன்னால் நிற்பவர் முதுகில் போய் விழுகிறார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டால், "பிரேக் போட்டதும் முன்னால தூக்கிப் போட்டுடுச்சு" என்பார்கள். பத்தாம் வகுப்பில் இதே கேள்வியைக் கேட்டால், "நிலைமம் முன்னால தள்ளுச்சு சார்" என்று பதில் வரும். இரண்டாவது பதிலில் பாடப்புத்தகச் சொல் ஒன்று சேர்ந்திருக்கிறது. மற்றபடி இரண்டும் ஒரே பிழைதான். பயணியை முன்னோக்கி ஏதோ ஒன்று தள்ளியது என்றே இரண்டும் சொல்கின்றன.

பிரேக் போட்ட நொடியில் பயணியை முன்னோக்கித் தள்ள அங்கே எதுவும் இல்லை. பஸ் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உள்ளே நிற்பவரும் அதே வேகத்தில், விநாடிக்கு 10 மீட்டர் என்று போய்க்கொண்டிருக்கிறார். டயரைச் சாலை பின்னோக்கி இழுப்பதால் பஸ்ஸின் வேகம் குறைகிறது. அந்த இழுப்பு பயணியின் உடம்புக்கு உடனே வந்து சேர்வதில்லை. அவர் தம் பழைய வேகத்திலேயே போகிறார்; காலுக்கடியில் பஸ்தான் பின்தங்குகிறது. வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ திருப்பவோ ஒரு விசை வரும்வரை பொருள் இருந்தபடியே இருக்கும் இந்தத் தன்மைக்குத்தான் நிலைமம் என்று பெயர். அது விசை இல்லை என்பதால் அதனால் எதையும் தள்ள முடியாது.

1640-இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் கசெண்டி, மார்செய் துறைமுகத்தில் விரைந்து போய்க்கொண்டிருந்த கப்பலின் பாய்மர உச்சியிலிருந்து கல்லைக் கீழே போடச் செய்தார். கப்பல் முன்னே நகர்ந்துவிடுவதால் கல் பின்னால் விழும் என்று பலர் நம்பிய காலம் அது. கல் பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தது. கையை விட்டு நீங்கிய பிறகும் கப்பலின் வேகம் கல்லிடம் இருந்தது. நம் பஸ் பயணியும் அந்தக் கல்லைப் போலத்தான். கப்பல் நிற்கவில்லை, பஸ் நிற்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

இதை வகுப்பில் வாயால் சொன்னால் மாணவர்கள் தலையாட்டுவார்கள். தேர்வில் மறுபடியும் "தள்ளியது" என்றே எழுதுவார்கள். கண்ணால் பார்க்க வைப்பதற்கு ஒரு தள்ளுவண்டி போதும். ஒரு அடி நீளப் பலகையின் அடியில் நான்கு சிறு சக்கரங்கள், பழைய ஸ்கேட்டிங் செருப்பின் சக்கரமானாலும் சரி, சுலபமாக உருள வேண்டும். ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனைக்கு 5 சென்டிமீட்டர் உயரம் புத்தகம் அடுக்கினால் சரிவு தயார். சரிவு முடிந்ததும் அரை மீட்டர் சமதளம், அதன் முடிவில் சுவரோடு ஒட்டிய ஒரு செங்கல். அதுதான் பிரேக். இரண்டு தீப்பெட்டிகளில் மணல் நிரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாக ஒட்டினால் 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பயணி கிடைப்பார்.

5 சென்டிமீட்டர் இறங்கும் வண்டி சமதளத்துக்கு வரும்போது விநாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் இருக்கும். வேகத்தை இரட்டிப்பாக்க விரும்பினால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். சரிவும் தரையும் சேரும் இடத்தில் வண்டி குதித்தால் பயணி அங்கேயே விழுந்துவிடுவார். அந்த இணைப்பின் மேல் ஒரு அட்டையை ஒட்டிவிட வேண்டும். செங்கல்லில் மோதி வண்டி பின்னால் துள்ளினால், பயணி முன்னால் பாய்ந்தது போலத் தோன்றி, நாம் திருத்த வந்த தவறான எண்ணமே வலுப்படும். மோதும் இடத்தில் ஈரக் களிமண்ணை அப்பினால் வண்டி துள்ளாமல் ஒட்டி நிற்கும்.

முதலில் வண்டியின் மேல்தட்டில் கேரம் பவுடரைத் தூவி, பயணியை அகலப் பக்கம் பயணத் திசையில் இருக்கும்படி பின்முனையில் நிறுத்துங்கள். வண்டியை விட்டதும் அது போய்ச் செங்கல்லில் நின்றுவிடுகிறது. பயணி விழவில்லை, நின்ற கோலத்திலேயே தட்டின்மேல் வழுக்கிக்கொண்டு முன்னே போகிறார். வகுப்பு இங்கே சற்றுக் குழம்பும். பஸ்ஸில் விழுகிறோமே, இவர் ஏன் விழவில்லை? பவுடரைத் துடைத்துவிட்டு உப்புத்தாளை ஒட்டி மறுபடி விட்டால், இம்முறை பயணி முகம் குப்புற விழுவார். வேகம், செங்கல், பயணி எதுவும் மாறவில்லை. உப்புத்தாள் காலைப் பிடித்து நிறுத்திவிட்டது, உடம்போ போய்க்கொண்டிருந்தது. நாமும் பஸ்ஸில் இப்படித்தான் விழுகிறோம். முன்னால் தள்ளப்பட்டதால் விழுவதில்லை, கால் மட்டும் பின்னால் இழுக்கப்பட்டதால் விழுகிறோம்.

இதே உப்புத்தாளில் தீப்பெட்டியைத் திருப்பி, ஒல்லியான பக்கம் பயணத் திசையில் இருக்கும்படி வைத்தால் இன்னும் மெதுவான நிறுத்தத்துக்கே கவிழும். பஸ்ஸில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து முன்பக்கம் பார்த்து நிற்பவரின் நிலை இதுதான். பக்கவாட்டில் திரும்பி, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக பஸ் போகும் திசையில் அகட்டி நிற்கும் கண்டக்டரை எளிதில் சாய்க்க முடியாது. டிக்கெட் கிழிக்க இரண்டு கையும் வேண்டும் என்பதால் அவர் காலாலேயே பஸ்ஸைச் சமாளிக்கக் கற்றவர்.

"தள்ளியது" என்ற எண்ணத்தை அடியோடு எடுப்பதற்குச் செல்போன் கேமரா உதவும். பவுடர் சோதனையைப் பக்கவாட்டிலிருந்து, போனை அசையாமல் நிறுத்தி ஸ்லோ மோஷனில் படம் எடுங்கள். பின்னணியில் ஒரு அளவுநாடா இருக்கட்டும். பல போன்கள் விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும். பத்துப் படங்களுக்குப் பயணி ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். வண்டி மோதுவதற்கு முந்தைய பத்துப் படங்களையும் பிந்தைய பத்துப் படங்களையும் மாணவர்களே அளக்கட்டும். முன்னோக்கித் தள்ளப்பட்டிருந்தால் மோதிய பிறகு வேகம் கூடியிருக்க வேண்டும். கூடியிருக்காது. உராய்வினால் சற்றுக் குறைந்திருக்கும், அவ்வளவுதான். அடுத்து ஒரு பழைய போனை வண்டியிலேயே கட்டிப் படம் எடுத்தால், அந்தப் படத்தில் பயணி சும்மா நின்று, திடீரென்று முன்னால் பாய்வார். பஸ்ஸுக்குள் இருக்கும் நம் கண் அந்த இரண்டாவது கேமராதான். இயற்பியலாளர்கள் பஸ்ஸுக்குள்ளிருந்து கணக்குப் போடும்போது ஒரு போலி விசையைச் சேர்த்துக்கொள்வது உண்டு. அது கணக்குக்காகச் சேர்ப்பது. அந்த விசையைக் கொடுக்கும் பொருள் எதையும் யாராலும் காட்ட முடியாது.

இதற்குள் ஒரு மாணவராவது கேட்டிருப்பார்: குண்டானவர் அதிக தூரம் வழுக்குவாரா? ஒரு தீப்பெட்டிப் பயணியை மணல் இல்லாமலும் ஒருவரை மணலோடும் பவுடரில் விட்டுப் பாருங்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் வழுக்குவார்கள். கனமானவரை நிறுத்துவது கடினம் என்பது உண்மை. ஆனால் அவருடைய எடையால் உராய்வும் அதே அளவு கூடிவிடுவதால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன. கனம் கூடினால் நிறுத்துவது கடினம் என்பதை இந்தச் சோதனையால் காட்டவே முடியாது. அதற்கு உந்தத்துக்கு வர வேண்டும்.

நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். ஒரு பொருளை நிறுத்துவதற்கு எவ்வளவு விசையை எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. செங்கல்லை எடுத்துவிட்டு, வண்டியின் பின்புறம் தையல் நூலைக் கட்டி, மறுமுனையை மேஜைக் காலில் கட்டுங்கள். வண்டி சமதளத்துக்கு வந்ததும் நூல் இறுக வேண்டும். காலி வண்டியை நூல் பிடித்து நிறுத்திவிடும். அரைச் செங்கல்லை ஏற்றி அதே உயரத்திலிருந்து விட்டால் நூல் படக்கென்று அறும். காலி வண்டிக்கே அறுந்தால் நூலை இரட்டையாக்க வேண்டும். எதற்குமே அறாவிட்டால் சரிவை உயர்த்த வேண்டும். அடுத்து, அதே நூலோடு நான்கைந்து ரப்பர் பேண்டுகளைச் சங்கிலியாகக் கோத்துவிட்டு, அரைச் செங்கல் ஏற்றிய வண்டியை மறுபடி விடுங்கள். முன்பு அறுந்த அதே வகை நூல் இப்போது அறாது. நிறுத்த வேண்டிய உந்தம் குறையவில்லை. ரப்பர் நீண்டதால் நிற்க எடுத்த நேரம் கூடியது, நூலுக்கு வந்த விசை குறைந்தது.

இந்த நூலை மடியில் குழந்தையை வைத்திருக்கும் தாயின் கையாக நினைத்துக் கணக்குப் போடலாம். குழந்தை 10 கிலோ, வண்டியின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர், உந்தம் 100. டிரைவர் பிரேக் போட்டு 2 விநாடியில் நிறுத்தினால் கைக்குத் தேவைப்படும் விசை 50 நியூட்டன், அதாவது 5 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும் பலம். எந்தத் தாயாலும் முடியும். அதே வண்டி மரத்தில் மோதி 0.1 விநாடியில் நின்றால் 1,000 நியூட்டன் வேண்டும். ஏறக்குறைய 100 கிலோ மூட்டையைத் தாங்கும் பலம் அது; எந்தக் கையாலும் முடியாது. வேகம் அதே 36 கிலோமீட்டர்தான். காரில் குழந்தையை மடியில் வைக்காமல் தனி இருக்கையில் பட்டையால் கட்டச் சொல்வது இதனால்தான். சீட் பெல்ட்டின் பட்டை விபத்தில் சற்றே நீளும்படி நெய்யப்படுவதும் ரப்பர் பேண்டின் வேலையைச் செய்யத்தான்.

பஸ் முழுதாக நின்ற கணத்தில் எல்லோரும் பின்னால் சாய்கிறோமே, அது ஏன் என்ற கேள்வியை நல்ல வகுப்பு கேட்டே தீரும். தள்ளுவண்டியால் இதைக் காட்ட முடியாது, தீப்பெட்டிக்குத் தசை இல்லை. வேகம் குறைந்துகொண்டிருக்கும் அந்த இரண்டு விநாடியும் நாம் விழாமல் இருக்கக் கம்பியைப் பிடித்து உடம்பைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டிருக்கிறோம். சக்கரம் நின்ற கணத்தில் பஸ்ஸின் வேகக்குறைவு சட்டென்று முடிந்துவிடுகிறது. தசையோ இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. எதிர்க்க ஒன்றும் இல்லாத அந்த இழுப்பு நம்மைப் பின்னால் சாய்க்கிறது. பழுத்த டிரைவர்கள் கடைசி ஓரடி தூரத்தில் பிரேக் பெடலைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுத்தான் பஸ்ஸை நிறுத்துவார்கள். வேகக்குறைவு படிப்படியாக முடிவதால், நின்றுகொண்டிருப்பவர்களின் பிடி தளர நேரம் கிடைத்துவிடுகிறது.