ஒன்றை அழித்தால் ஒன்றுதான் அழியும்

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலின் 18 நாள் திருவிழா தீமிதிப்போடு நிறைவடைகிறது. தீக்குழியைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் இப்போது கைபேசி இல்லாத கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே நடக்கக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். உருவேறி ஆடிய ஒரு பெண்ணை ஓர் இளைஞன் படம் பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுகிறான். மறுநாள் அந்தப் பெண்ணின் அண்ணன் வந்து, “தம்பி, அதை எடுத்துவிடு, வீட்டில் சங்கடப்படுகிறார்கள்” என்று கேட்கிறார். “சரி அண்ணா” என்று அவர் முன்னாலேயே அழிக்கிறான். மாலையில் அதே படம் பேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது, புதிய பின்னூட்டங்களோடு.

அவன் பொய் சொல்லவில்லை. இன்ஸ்டாகிராமை பேஸ்புக்கோடு எப்போதோ இணைத்து வைத்ததை மறந்துவிட்டான், அவ்வளவுதான். இரண்டும் ஒரே மெட்டா நிறுவனத்துடையவை என்பதால், இங்கே அழித்தால் அங்கும் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பிழையானது. ஏன் என்று புரிந்தால், எப்படி முழுதாக நீக்குவது என்பதும் தானாகவே புரியும்.

ஒரு பதிவு ஏறும்போது அந்தத் தளம் அதற்கென ஓர் அடையாள எண்ணைக் கொடுக்கிறது. விருப்பங்கள், பின்னூட்டங்கள், படக் கோப்பு எல்லாம் அந்த எண்ணின் கீழே சேர்கின்றன. தானாகப் பகிரும் வசதி என்ன செய்கிறதென்றால், படத்தையும் வாசகத்தையும் அடுத்த தளத்திடம் ஒப்படைத்து, “இதை ஒரு புதிய பதிவாகப் போடு” என்கிறது. அடுத்த தளம் தன் கணக்கில் புதிய எண்ணைக் கொடுத்துப் புதிய பதிவை உண்டாக்குகிறது. அதன்பின் அவை இரண்டு தனிப் பதிவுகள். முதலாவதை அழிப்பது முதல் எண்ணுக்கு இடப்பட்ட கட்டளை மட்டுமே. இரண்டாவது எண்ணிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

பேஸ்புக்கில் ஒருவர் உங்கள் பதிவைப் பகிர்ந்தால் அப்படி நடப்பதில்லை. அவர் பகிர்வது உங்கள் பதிவை நோக்கிய ஒரு சுட்டியைத்தான். நீங்கள் மூலத்தை அழித்ததும் அவருடைய பக்கத்தில் ‘இந்த உள்ளடக்கம் இப்போது கிடைக்கவில்லை’ என்ற பெட்டிதான் மிஞ்சும். வேறு செயலிகளிலிருந்து வந்து சேர்ந்தது எது, சுட்டியா பிரதியா என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. அதை அழுத்தினால் மூலத் தளத்துக்குப் போகாமல் அங்கேயே படம் திறந்தால் அது பிரதி. பிரதியைத் தனியாகத்தான் அழிக்க வேண்டும்.

இந்த இணைப்புகள் உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பது 2018 ஓகஸ்ட்டில் எதிர்பாராமல் வெளிப்பட்டது. அதுவரை ட்விட்டரில் எழுதுவதைத் தானாகவே பேஸ்புக்கிலும் போட்டுவிட முடிந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் பேஸ்புக் தன் விதிகளை மாற்றி, வெளிச் செயலிகள் தனிநபர் பக்கங்களில் எழுதுவதை நிறுத்தியது. இனிப் பயனில்லை என்று ட்விட்டர் தரப்பு பேஸ்புக்கிலிருந்த தன் செயலியை நீக்கும்படி கேட்டது. செயலி நீங்கியதும், அது பல ஆண்டுகளாகக் கொண்டுவந்து போட்டிருந்த பழைய பதிவுகளும், அவற்றின் கீழே நண்பர்கள் எழுதியிருந்த பின்னூட்டங்களும் மக்களின் பக்கங்களிலிருந்து மறைந்தன. பலர் கொதித்தபின் பேஸ்புக் அவற்றை மீட்டுக் கொடுத்தது.

எந்தச் செயலி கொண்டுவந்தது என்ற குறிப்பு ஒவ்வொரு பிரதியோடும் தளத்திடம் இருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆக, எல்லா இடத்திலும் ஒருசேர அழிப்பது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல. அந்தப் பொத்தானைப் பயனரின் கையில் கொடுப்பதைத்தான் தளங்கள் பெரும்பாலும் செய்வதில்லை. பகிரும் பொத்தானைக் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, நீக்கும் வேலையை மட்டும் தளம் தளமாக அலைந்து செய்ய விடுவது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி அந்த இளைஞனின் வேலைக்கு வருவோம். அவசரத்தில் மூலப் பதிவை முதலில் அழித்ததுதான் அவனுக்குச் சிக்கலாயிற்று. எந்த நாள், எந்த நேரம், என்ன வாசகம் என்பதெல்லாம் மூலத்தில் இருந்தால்தான் பிரதிகளைத் தேட முடியும். நல்லவேளையாக, அழித்த பதிவை இன்ஸ்டாகிராம் 30 நாள்வரை Recently deleted பகுதியில் வைத்திருக்கும். அதிலே பார்த்து விவரங்களைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்து, எங்கெல்லாம் போயிருக்கும் என்று பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராம் அமைப்புகளில் Accounts Center என்பதற்குள் Sharing across profiles என்ற பகுதி இருக்கிறது. எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குத் தானாகப் போகிறது என்பதை அது காட்டும். இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். பிரதி தன் சொந்தப் பக்கத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்து அங்கே தேடுவார்கள். அதுவோ கடைக்கோ கழகத்துக்கோ தொடங்கிய பேஸ்புக் பக்கத்துக்குப் போயிருக்கும். த்ரெட்ஸையும் பார்க்க வேண்டும். இஃப்ட் போன்ற இணைப்புச் சேவை எதையாவது வைத்து டெலிகிராம் சானலுக்கு அனுப்பியிருந்தால், அந்தச் சேவையின் செயல்பாட்டுப் பதிவேட்டில் அது எப்போது ஓடியது என்று இருக்கும். இத்தகைய சேவைகள் ‘புதிய படம் ஏறியது’ என்ற சைகைக்குத்தான் காத்திருக்கின்றன. படம் அழிந்தது என்று அவற்றுக்கு யாரும் சைகை காட்டுவதில்லை.

பிரதிகளைக் கண்டதும் ஒவ்வொன்றின் இணைப்பையும் ஓரிடத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, தானியங்கிப் பகிர்வை நிறுத்திவிட்டு, அதன்பிறகே அழிக்கத் தொடங்க வேண்டும். பகிர்வை நிறுத்துவதால் ஏற்கெனவே போனவை நீங்காது; ஆனால் முகத்தை மறைத்து அதே படத்தைத் திரும்பப் போட நினைத்தால், அது மறுபடி நாலு இடத்துக்கு ஓடாமல் தடுக்கும். பேஸ்புக்கில் அழித்தது 30 நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். Activity log வழியாக உள்ளே போய் அங்கிருந்தும் உடனே நீக்கலாம். டெலிகிராம் சானலில் நிர்வாகி அழித்தால் வாசகர் எல்லாருக்கும் மறையும், ஆனால் வேறு குழுக்களுக்கு முன்னனுப்பப்பட்டவை அப்படியே இருக்கும்.

சரிபார்ப்பதைத் தன் கணக்கிலிருந்தே செய்யக்கூடாது. உலாவியில் தனிச் சாளரம் திறந்து, கணக்கில் நுழையாமல், ஒட்டி வைத்த இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். சில தளங்கள் நுழையச் சொல்லித் தடுக்கும். அப்போது வேறொருவரின் கைபேசியில் பார்க்கலாம். பக்கம் போனபின்னும் படக் கோப்பு சேவையகத்தில் சில காலம் நிற்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் 16 தளங்களில் படங்களை ஏற்றி அழித்துப் பார்த்தபோது, 7 தளங்களில் ஒரு மாதம் கழிந்தும் படக் கோப்பின் நேரடி முகவரி வேலை செய்தது. அன்றைக்கு இருந்த நிலை பின்னர் மேம்பட்டது, என்றாலும் படத்தின் நேரடி முகவரியையும் ஒருமுறை சோதிப்பது நல்லது. கூகுள் தேடலில் பழைய படம் தொடர்ந்து வந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் படிவம் கூகுளிடமே இருக்கிறது.

வட்ஸ்அப் இந்தக் கணக்கில் சேராது. இணைப்பு ஒன்றை அனுப்பும்போது கூடவே தெரியும் சின்னப் படம், அனுப்புபவரின் கைபேசியில் உருவாகிச் செய்தியோடு போய்விடுகிறது. பதிவை எங்கே அழித்தாலும் அந்தச் சின்னப் படம் பெற்றவரிடம் இருக்கும். அனுப்பியவர் சுமார் இரண்டரை நாளுக்குள் எல்லாருக்குமாக அழித்தால்தான் அது போகும். யாராவது தரவிறக்கி வைத்திருந்தால், அவரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே உங்களிடம் யாராவது ஒரு படத்தை எடுக்கச் சொன்னால், “அழித்துவிட்டேன்” என்று உடனே சொல்லிவிடாதீர்கள். எங்கெங்கே போயிருந்தது, எங்கெல்லாம் நீக்கியாயிற்று, யாரிடம் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது என்பதைக் கேட்டவரிடம் இணைப்புகளோடு காட்டுங்கள்.