காவடி வரும் வழியில் கைப்பேசி

ஜாலான் புசாரிலிருந்து கிச்சனர் சாலை வழியே நடந்தால் சில நிமிடங்களில் சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயில் வந்துவிடும். தைப்பூசக் காவடிகளும் பால்குடங்களும் அங்கிருந்து புறப்பட்டு, சில கிலோமீட்டர் தூரத்தில் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை அடைகின்றன. வழிநெடுக உயர்ந்து நிற்கும் கைப்பேசிகளில் பதிவாகும் காணொளிகள் பல, குலுங்கி, கலங்கிப்போய்த்தான் கிடைக்கின்றன. காவடிக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே எடுப்பதுதான் இதற்குப் பெரிய காரணம் என்பேன். படத்தைக் கெடுக்கும் அந்தப் பழக்கமே பக்தரின் வழியையும் மறிக்கிறது.

கைப்பேசியின் அசைவு நிலைப்படுத்தி கை நடுக்கத்தைச் சமாளிக்கும்; ஒவ்வொரு அடியிலும் மேலும் கீழும் குதிக்கும் நடையை முழுதாகச் சமாளிக்காது. இரவில் வெளிச்சம் குறையும்போது ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் ஏற்பட்ட கலங்கலைப் பிறகு எந்த மென்பொருளாலும் சரியாக நீக்க முடியாது. தூரத்தில் நின்று ஜூம் செய்தால் நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகும். ஆகவே ஐந்தடிப் பாதைத் தூணில் முதுகைச் சாய்த்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, 1x லென்ஸிலேயே நில்லுங்கள். காவடி சட்டகத்துக்குள் வந்து, ஆடி, வெளியேறும்வரை கைப்பேசியைத் திருப்ப வேண்டாம். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகளின் கீழே படத்தில் பட்டைகள் ஓடும். நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். படுக்கைவாக்கில் பிடிக்கும்போது விரல் மைக்கை மூடாதிருக்கட்டும். உறுமி ஒலி கெட்டால் பாதிக் காவடி போயிற்று!

கிட்டே போனால்தானே உணர்ச்சி தெரியும் என்பார்கள். அலகு குத்திய முகம் அருகில் தெரியும், உண்மைதான். ஆனால் காவடியின் ஆட்டம் தோளிலும் பாதத்திலும் இருக்கிறது, அது அகலமான சட்டகத்தில்தான் அடங்கும். மேலும், காவடி சுழலும்போது மயிலிறகும் வேல்களும் எவ்வளவு தூரம் வீசும் என்பது கூட வரும் உறவினர்களுக்குத் தெரியும். திரையைப் பார்த்தபடி பின்னால் நகர்பவருக்குத் தெரியாது. பொதுச்சாலையில் எடுக்க யாருடைய அனுமதி வேண்டும் என்ற வாதமும் உண்டு. சாலையில் நடப்பதை எடுப்பதில் எனக்கும் மறுப்பில்லை, குடும்பத்தாரே எடுக்கிறார்கள். ஆனால் பலநாள் விரதம் இருந்து வருபவரின் கண்ணில் டார்ச் அடிப்பதற்கு அது உரிமை தராது. வெளிச்சம் போதவில்லையென்றால் தெருவிளக்கின் கீழே போய் நில்லுங்கள், காவடி அங்கேயும் வரும். கோயிலுக்குள் அலகு குத்தும் இடமோ வேறு கணக்கு. அங்கே வலியோடும் வேண்டுதலோடும் இருப்பவர், பார்வையாளருக்காக எதையும் நிகழ்த்தவில்லை. குடும்பத்தார் கேட்டுக்கொண்டாலொழிய அந்த இடத்தில் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.